கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவாக நூல் வாங்கியும் செலவு கூடியது எப்படி?

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல்தான் ஓடுகிறது: வட்டக் கழுத்து, அரைக்கை, பருத்தி டி-ஷர்ட். மாத ஆரம்பத்தில் போட்ட பட்ஜெட்டில் 10,000 பீஸ். ஒரு பீஸுக்கு 200 கிராம் நூல், நூல் கிலோ 250 ரூபாய். ஆக 2,000 கிலோ நூல், 5,00,000 ரூபாய். மாதம் முடிந்து கணக்கைப் பார்த்தால் நூலுக்கு ஆன செலவு 6,04,800 ரூபாய்.

முதலாளி கேட்கும் முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். "ஒரு லட்சத்துக்கு மேல எங்கய்யா போச்சு?"

இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல உதவும் முறைதான் பட்ஜெட் மாறுபாட்டு ஆய்வு. ஆபீஸில் வேரியன்ஸ் என்றுதான் சொல்வார்கள். பட்ஜெட்டில் போட்டதற்கும் உண்மையில் ஆனதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதில் எவ்வளவு விலையால் வந்தது, எவ்வளவு பொருளைக் கூடுதலாகச் செலவழித்ததால் வந்தது என்று பிரிப்பது. கணக்கு என்னவோ பள்ளிக்கூடப் பெருக்கல் கழித்தல்தான். சிக்கல் அந்த எண்ணைப் படிப்பதில் இருக்கிறது. படிக்கும் பகுதிக்குத்தான் இந்தக் கட்டுரையில் அதிக இடம் தரப்போகிறேன். எண்கள் எல்லாம் கணக்குக்கு வசதியாக நான் வைத்துக்கொண்டவை.

முதலில் அந்த ஒரு லட்சத்தைக் கவனிப்போம். அந்த மாதம் கம்பெனி 10,000 பீஸ் போடவில்லை, 12,000 பீஸ் போட்டது. கூடுதலாக ஒரு ஆர்டர் வந்தது, முடித்து அனுப்பியாயிற்று. 2,000 பீஸ் அதிகமாகத் தைத்தால் அதற்கான நூலும் அதிகமாகத்தானே ஆகும்? பத்துப் பேருக்குச் சமைக்கப் போட்ட பட்ஜெட்டை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பில்லோடு சண்டை போடுவதில் பொருளில்லை. எனவே பட்ஜெட்டை உண்மையில் நடந்த உற்பத்திக்கு ஏற்ப நீட்டிக்கொள்ள வேண்டும்:

12,000 பீஸ் × 200 கிராம் = 2,400 கிலோ
2,400 கிலோ × 250 ரூபாய் = 6,00,000 ரூபாய்

12,000 பீஸுக்கு ஆகியிருக்க வேண்டிய செலவு ஆறு லட்சம். ஆனது 6,04,800. கூடுதல் 4,800 ரூபாய் மட்டுமே. ஒரு லட்சம் என்று பயமுறுத்திய தொகை நாலாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. புதிதாகக் கணக்கு எழுதுபவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். பட்ஜெட்டில் எழுதிய 2,000 கிலோவையே நேராக எடுத்து ஒப்பிட்டால் அதற்குப் பின் செய்யும் எல்லாக் கணக்கும் தப்பாகும். 'நிர்ணய அளவு' என்று சொல்லும்போதெல்லாம், உண்மையில் செய்து முடித்த பீஸ்களுக்கு ஆகியிருக்க வேண்டிய அளவு என்றே பொருள் கொள்ளுங்கள்.

சரி, ஆறு லட்சத்தில் 4,800 என்றால் ஒரு சதவீதம்கூட இல்லை. இத்தோடு விட்டுவிடலாமா? பல கம்பெனிகளில் விட்டுவிடுவார்கள். விட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் அடுத்த படி.

அந்த மாதம் நூல் கிலோ 250-க்கு வாங்கப்படவில்லை. பர்ச்சேஸ் மேனேஜர் வேறொரு மில்லில் பேசி 240-க்கு வாங்கினார். செலவான நூலோ 2,400 கிலோ இல்லை, 2,520 கிலோ. இந்த இரண்டையும் தனித்தனியே கணக்கிடலாம்.

பொருள் விலை மாறுபாடு = (நிர்ணய விலை − உண்மை விலை) × உண்மை அளவு
= (250 − 240) × 2,520 = 25,200 ரூபாய், சாதகம்

பொருள் பயன்பாட்டு மாறுபாடு = (நிர்ணய அளவு − உண்மை அளவு) × நிர்ணய விலை
= (2,400 − 2,520) × 250 = 30,000 ரூபாய், பாதகம்

25,200 சாதகம், 30,000 பாதகம். கழித்தால் அதே 4,800 பாதகம். கணக்கு சரியா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை இல்லை. இரண்டையும் சேர்த்தால் மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறு.

செலவைக் குறைத்த வித்தியாசம் சாதகம், கூட்டிய வித்தியாசம் பாதகம். இந்தச் சொற்களுக்கு அதற்கு மேல் அர்த்தம் கிடையாது. சாதகம் என்றால் ஒருவர் நன்றாக வேலை செய்தார் என்றோ, பாதகம் என்றால் ஒருவர் தப்புச் செய்தார் என்றோ ஆகாது. ஜாதகத்தில் சொல்லும் சாதக பாதகம் மாதிரி இதையும் பலனாக எடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

ஒரு சின்ன சந்தேகம் இங்கே எல்லோருக்கும் வரும். விலை மாறுபாட்டுக்கு உண்மை அளவால் பெருக்கினோம், பயன்பாட்டு மாறுபாட்டுக்கு நிர்ணய விலையால் பெருக்கினோம். ஏன் இப்படி? கட்டிங் ஆட்கள் எத்தனை கிலோ வீணாக்கினார்கள் என்பதுதான் பயன்பாட்டுக் கணக்கில் தெரிய வேண்டும். அதை 240-ஆல் பெருக்கினால், பர்ச்சேஸ் மேனேஜர் குறைத்து வாங்கியதன் பலன் கட்டிங் கணக்குக்குள் கசிந்துவிடும். அவர் அதிக விலைக்கு வாங்கும் மாதம் வந்தால் கட்டிங் ஆட்களின் நஷ்டம் அவர்கள் ஒன்றும் செய்யாமலேயே பெரிதாகும். அதனால் கிலோவை எப்போதும் நிர்ணய விலையில் மதிப்பிட்டு, விலை ஏற்ற இறக்கம் முழுவதையும் விலை மாறுபாட்டின் பக்கமே தள்ளிவிடுவது வழக்கம்.

இப்போது அறிக்கையைப் படிப்போம். மேலோட்டமாகப் பார்த்தால் கதை தெளிவாக இருக்கிறது. பர்ச்சேஸ் மேனேஜர் 25,200 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்தார். கட்டிங் செக்‌ஷன் 30,000 ரூபாயைத் தொலைத்துவிட்டது. முதலாளி கட்டிங் மாஸ்டரைக் கூப்பிடுகிறார். மாஸ்டர் சொல்வது ஒரே வரி: "துணியே எனக்குக் கனமாத்தானுங்க வந்துச்சு."

இதைச் சாக்கு என்று தள்ளிவிடாமல், 120 கிலோ எங்கே போனது என்று தேட வேண்டும். தேடலில் ஒரு வரிசை உண்டு. முதலில் பார்க்க வேண்டியது, 120 கிலோ நிஜமாகவே போனதா என்பதை. பயன்பாட்டை யாரும் நேராக அளப்பதில்லை. ஆரம்ப இருப்போடு வாங்கியதைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்து, மீதியைச் செலவானதாக எழுதிக்கொள்கிறோம். ஆகவே கடைசி இருப்பை எண்ணியதில் 120 கிலோ விட்டுப்போனால், அந்த 120 கிலோவும் செலவாகிவிட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். திருப்பூர் மாதிரி ஊரில் இது சர்வ சாதாரணம். நூல் நம் குடோனில் இருப்பதைவிட ஜாப் வொர்க்காகத் துணி பின்னிக் கொடுக்கும் நிட்டிங் யூனிட்டில்தான் அதிகம் இருக்கும். ஓடி முடிந்தபின் மிஞ்சிய நூல் கோன்கள் அங்கேயே ஒரு மூலையில் கிடக்கும். அனுப்பிய டெலிவரி சலானையும் திரும்பி வந்த துணியின் எடையையும் நிட்டிங்காரரிடம் மிஞ்சியிருக்கும் கோன்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதிப் பாதக மாறுபாடுகள் காற்றில் கரைந்துவிடும். அடுத்த மாதம் அந்தக் கோன்கள் திரும்பி வந்ததும் பெரிய 'சாதகம்' ஒன்று தோன்றும். ஒரு மாதம் பாதகம், மறு மாதம் கிட்டத்தட்ட அதே தொகைக்குச் சாதகம் என்று மாறி மாறி வந்தால், தொழிற்சாலையைச் சந்தேகப்படுவதற்கு முன் இருப்பு எடுத்தவரைச் சந்தேகப்படுங்கள்.

நம் கம்பெனியில் அதைப் பார்த்தாயிற்று. கோன் எதுவும் விட்டுப்போகவில்லை. 120 கிலோ உண்மையிலேயே செலவாகியிருக்கிறது.

அடுத்து, அந்த 200 கிராமைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு டி-ஷர்ட்டின் எடை 200 கிராம் இல்லை. ஆர்டர் எடுக்கும்போது போட்ட காஸ்டிங் ஷீட்டில் அந்த 200 கிராம் இப்படி எழுதப்பட்டிருந்தது: நிட்டிங்கில் 4 கிராம் கழிவு, சாயப்பட்டறையிலும் ஃபினிஷிங்கிலும் 12 கிராம், கட்டிங் வேஸ்ட் 34 கிராம், கடைசியில் சட்டையாகப் போவது 150 கிராம். நான்கும் சேர்ந்து 200. அதாவது நிர்ணய அளவுக்குள்ளேயே நியாயமான கழிவுக்கு இடம் கொடுத்திருக்கிறோம். கழிவே இல்லாத உலகத்தை வைத்து நிர்ணயம் போட்டால் ஒவ்வொரு மாதமும் பாதகம்தான் வரும், சில மாதத்தில் யாரும் அந்த அறிக்கையைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

இந்த மாதம் உண்மையில் ஒரு பீஸுக்கு 210 கிராம் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எடை போட்ட சீட்டுகளைக் கூட்டி வகுத்தால் அது இப்படிப் பிரிகிறது: நிட்டிங்கில் 7 கிராம், சாயத்தில் அதே 12, கட்டிங்கில் 36, சட்டை 155 கிராம்.

இந்த நாலு எண்ணையும் நிதானமாகப் பாருங்கள். கூடுதலாகப் போன 10 கிராமில் நிட்டிங்கில் 3, கட்டிங்கில் 2, மீதி 5 கிராம் வீணாகவே இல்லை. அது சட்டையோடு சேர்ந்து பெட்டியில் ஏறி வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. 12,000 பீஸுக்கு 60 கிலோ, நிர்ணய விலையில் 15,000 ரூபாய். முப்பதாயிரத்தில் பாதி. எந்தக் குப்பைக் கூடையைக் கிளறினாலும் இந்த 60 கிலோ கிடைக்காது. 'பயன்பாட்டு மாறுபாடு பாதகம்' என்றால் உடனே 'கழிவு அதிகம்' என்று படிப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுவார்கள். அதிகம் செலவானது என்பது வேறு, வீணானது என்பது வேறு.

மாஸ்டர் சொன்னது சரிதான், துணி கனமாகத்தான் வந்திருக்கிறது. துணியின் கனத்தை ஜிஎஸ்எம் என்று அளப்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. அதை அளக்க ஒரு வட்டக் கட்டர் உண்டு. துணியின் மேல் வைத்து அழுத்தித் திருப்பினால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி எடுக்கும். அதைத் தராசில் வைத்து நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். ஆர்டரில் கேட்டது 150, அதாவது வட்டம் 1.50 கிராம் இருக்க வேண்டும். வெட்டிப் பார்த்தால் 1.55. கட்டிங்கில் கூடிய 2 கிராமில் ஏறக்குறைய ஒரு கிராமும் இதனால்தான், ஏனென்றால் துணி கனத்தால் அதிலிருந்து விழும் துண்டும் அதே விகிதத்தில் கனக்கும். மீதி ஒரு கிராம், ஓட்டை விழுந்த துணிப் பகுதிகளை ஒதுக்கியதால் வந்தது. மாஸ்டரின் கத்தரி மேல் குற்றம் எதுவும் மிஞ்சவில்லை.

துணி ஏன் கனத்தது? முதல் சந்தேகம் நிட்டிங் மேல் விழும். லூப் சின்னதாகப் பின்னினால் துணி நெருக்கமாகிக் கனக்கும். இது அடிக்கடி நடப்பதுதான். அதைச் சோதிப்பது சுலபம். துணியிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கை லூப்புகளைப் பிரித்து, நூலின் நீளத்தை அளந்து பார்க்க வேண்டும். நம் துணியில் லூப் நீளம் சொன்னபடியே இருந்தது. ஃபினிஷிங்கில் அதிகமாக இறுக்கியிருந்தாலும் துணி கனக்கும். சாயம் போடாத துணி ரோல் ஒன்று கையிருப்பில் இருந்தது. அதுவும் வழக்கத்தைவிடக் கனமாகவே இருந்தது. ஆக ஃபினிஷிங்கும் காரணமில்லை. மிஞ்சுவது நூல்.

நூலின் பருமனைக் கவுண்ட் என்று சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கவுண்ட் எண் கூடக் கூட நூல் மெல்லிசாகும், குறையக் குறையத் தடிமனாகும். நம் கம்பெனி வாங்கியது 30-ஆம் கவுண்ட் என்று பில்லில் இருக்கிறது. சோதிக்க, 120 கெஜம் நூலை ரீலில் சுற்றி எடை போட வேண்டும். இந்த 120 கெஜச் சுற்றுக்கு லீ என்று பெயர். 64.8-ஐ அந்த எடையின் கிராமால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும். 30-ஆம் கவுண்ட் என்றால் லீ 2.16 கிராம் இருக்க வேண்டும். பல கோன்களிலிருந்து எடுத்துச் சுற்றியதில் சராசரி 2.23 கிராம் வந்தது. வகுத்துப் பார்த்தால் 29.

விஷயம் வெளியே வந்துவிட்டது. வாங்கியது 30-ஆம் கவுண்ட் இல்லை, 29. சற்றுத் தடித்த நூல். அதே லூப் நீளத்தில் பின்னினால் துணி முப்பதுக்கு இருபத்தொன்பது என்ற விகிதத்தில் கனக்கும்: 150 × 30 ÷ 29, கிட்டத்தட்ட 155. தராசு காட்டியது அதையேதான்.

இப்போது அந்தப் பத்து ரூபாய் லாபத்தை மறுபடியும் பாருங்கள். நூலைக் கிலோவில் வாங்குகிறோம், ஆனால் மெஷின் அதை மீட்டரில் சாப்பிடுகிறது. ஒரு சட்டைக்குத் தேவை இத்தனை மீட்டர் நூல். 29-ஆம் கவுண்டில் ஒரு கிலோவுக்கு மீட்டர் குறைவு. 30-ஆம் கவுண்ட் ஒரு கிலோவில் இருக்கும் நீளத்தை இந்த நூலில் வாங்க 240 × 30 ÷ 29, அதாவது ஏறக்குறைய 248 ரூபாய் ஆகிறது. ஆக மிச்சமானது பத்து ரூபாய் இல்லை, இரண்டு ரூபாய்க்கும் குறைவு. பொதுவாகவே தடித்த நூல் மெல்லிய நூலைவிடக் கிலோ விலை குறைவாக இருக்கும். எனவே அந்தப் பத்து ரூபாயில் பெரும்பகுதி பேரம் பேசிக் குறைத்ததாக இருக்க வாய்ப்பில்லை. பொருளே வேறு.

அந்த இரண்டு ரூபாயும் நிற்கவில்லை. நூல் அவ்வளவு சீராக இல்லாததால் நிட்டிங்கில் அடிக்கடி அறுந்தது. அறுந்த இடத்தில் துணியில் ஓட்டை விழும், மெஷின் நிற்கும், மறுபடி கோர்த்து ஓட்ட வேண்டும். நிட்டிங் கழிவு 4-லிருந்து 7 கிராமாக ஏறியது இதனால்தான். 12,000 பீஸுக்கு 36 கிலோ, 9,000 ரூபாய். கட்டிங்கில் கூடிய 2 கிராமும் 24 கிலோ, 6,000 ரூபாய். துணி கனத்த 15,000-ஐயும் சேர்த்தால் முப்பதாயிரம் முழுவதும் நூலின் கணக்கில் போய்ச் சேர்கிறது.

அப்படியென்றால் அறிக்கையில் தனித்தனியாக நின்ற இரண்டு வரிகளும் ஒரே முடிவின் இரண்டு விளைவுகள். கட்டிங் செக்‌ஷன் பெயரில் எழுதப்பட்ட 30,000 பாதகத்துக்குக் காரணம் பர்ச்சேஸில் எடுத்த முடிவு. பர்ச்சேஸ் பெயரில் எழுதிய 25,200 சாதகத்தோடு சேர்த்துப் பார்த்தால் அந்த முடிவு 4,800 நஷ்டம். இரண்டு வரியையும் சேர்த்து மொத்தம் மட்டும் பார்த்திருந்தால் 'சின்னத் தொகைதானே' என்று விட்டிருப்போம். தனித்தனியாக மட்டும் பார்த்திருந்தால் ஒருவருக்குப் பாராட்டும் இன்னொருவருக்கு மெமோவும் போயிருக்கும். முதலில் பிரிக்க வேண்டும், பிரித்ததை மறுபடி சேர்த்து யோசிக்க வேண்டும். பாடப்புத்தகங்கள் பிரிப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன என்பது என் நீண்ட நாள் குறை.

ஆனால் விலை சாதகம், பயன்பாடு பாதகம் என்று வந்தால் எப்போதும் இதே கதை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நூல் சரியான கவுண்டாகவே இருந்து, லீ 2.16 காட்டி, லூப் நீளம் மட்டும் குறைந்திருந்தால்? அப்போது கனத்தால் போன 15,000 நிட்டிங்காரருடைய கணக்கு. பர்ச்சேஸ் மேனேஜரின் 25,200-இல், அறுந்த நூலுக்கான கழிவைக் கழித்த பிறகும் பத்தாயிரத்துக்கு மேல் உண்மையிலேயே மிஞ்சியிருக்கும். அறிக்கையில் அதே எண்கள்தான், அர்த்தம் தலைகீழ். எது உண்மை என்று அறிக்கைக்குத் தெரியாது. வட்டக் கட்டருக்கும் ரீலுக்கும்தான் தெரியும்.

பயன்பாட்டு மாறுபாடு சாதகமாக வந்தாலும் இதே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஒரு பீஸுக்கு 200-க்குப் பதில் 190 கிராமே ஆனது என்று ஒரு மாதம் வந்தால் கைதட்டத் தோன்றும். துணியில் வெட்ட வேண்டிய வடிவங்களை அடுக்கும் மார்க்கரை நெருக்கமாகப் போட்டுக் கட்டிங் வேஸ்டைக் குறைத்திருந்தால் கைதட்டலாம். சட்டையே 150-க்குப் பதில் 140 கிராமாக இருந்தால், ஜிஎஸ்எம் குறைந்த துணியில் தைத்து அனுப்பியிருக்கிறோம் என்று பொருள். வாங்குபவர் கையிலும் அதே வட்டக் கட்டர் இருக்கிறது. சரக்கு திரும்பி வந்தால் அந்த இழப்பு வேறு மாதத்தில், வேறு தலைப்பில் எழுதப்படும். இந்த மாதச் சாதகம் சாதகமாகவே கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

இனி விலைப் பக்கம். அங்கே பெரிய பள்ளம் 250 என்ற அந்த நிர்ணய விலைதான். அது எப்போது போட்டது? மில்கள் நூல் விலையை மாதத் தொடக்கத்தில் மாற்றி அறிவிப்பது திருப்பூர் வழக்கம். ஆண்டுத் தொடக்கத்தில் போட்ட ஒரு விலையோடு ஆண்டு முழுவதும் ஒப்பிட்டால், விலை மாறுபாட்டில் தெரிவது சந்தையின் போக்குதான், வாங்கியவரின் திறமை இல்லை. 2022 மே மாதம் நூல் விலை உயர்வை எதிர்த்து ஊரே இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனியின் அறிக்கையை எடுத்திருந்தாலும் நூல் விலை மாறுபாடு பாதகமாகத்தான் இருந்திருக்கும். அதற்காகப் பர்ச்சேஸ் மேனேஜரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பதில் பயனில்லை.

எதிர்ப் பக்கமும் உண்டு. நிர்ணயம் 250, வாங்கியது சரியான நூல்தான், விலை 240, ஆனால் வாங்கிய நாளில் அதே தரம் சந்தையில் 235-க்குக் கிடைத்தது என்று வையுங்கள். அறிக்கை கிலோவுக்குப் பத்து ரூபாய் சாதகம் என்று சொல்லும். அதைப் பிரித்தால், 250-லிருந்து 235-க்குச் சந்தையே இறங்கிய பதினைந்து ரூபாய் யாருடைய சாமர்த்தியமும் இல்லை. 235-க்குக் கிடைத்ததை 240-க்கு வாங்கிய ஐந்து ரூபாய்தான் வாங்கியவருடைய பங்கு, அதுவும் பாதகம். முதல் பகுதியைத் திட்ட மாறுபாடு என்றும் இரண்டாவதைச் செயல்பாட்டு மாறுபாடு என்றும் பிரித்து எழுதுவார்கள். பெயர் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. வாங்கிய தேதியின் சந்தை விலை என்ன என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

இன்னொன்று, கணக்கு எழுதுபவர்களுக்கு மட்டும். நாம் விலை மாறுபாட்டைச் செலவான 2,520 கிலோவுக்குப் போட்டோம். அந்த மாதம் வாங்கியது 3,000 கிலோ என்றால்? வாங்கிய அளவுக்கே போட்டால் 30,000 சாதகம் வரும். மீதி 480 கிலோ குடோனில் நிர்ணய விலையான 250-இல் கணக்கில் நிற்கும். பல கம்பெனிகள் இப்படித்தான் செய்கின்றன, எனக்கும் இதுதான் சரியென்று படுகிறது. விலை முடிவானது வாங்கிய நாளில், தகவலும் அன்றே வந்துவிட வேண்டும். நூல் ஓடி முடியும்வரை காத்திருந்தால் அதற்குள் அடுத்த லோடும் வந்து இறங்கியிருக்கும். ஒன்று மட்டும் கவனம்: அப்படிப் போட்டால் விலை மாறுபாடு 3,000 கிலோவுக்கும் பயன்பாட்டு மாறுபாடு 2,520 கிலோவுக்கும் நிற்கும். இரண்டையும் கூட்டி 4,800 வருகிறதா என்று பார்க்க முடியாது. மேலே சொன்ன எளிய சோதனை, வாங்கியதும் செலவானதும் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே செல்லும். நம் கதையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த 480 கிலோவும் 29-ஆம் கவுண்ட்தான். சாதகம் இந்த மாதமே எழுதப்பட்டுவிட்டது, அதன் பாதகம் அடுத்த மாதம் கட்டிங் பெயரில் வரக் காத்திருக்கிறது.

அந்த 480 கிலோவை மில்லுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வைத்து அடுத்த மாதத்துக்கு வருவோம். இப்போது லோடு இறங்கும்போதே சில கோன்களை எடுத்து லீ எடை பார்க்கிறார்கள். பழைய மில்லிலேயே வாங்கினார்கள். விலை இரண்டு ரூபாய் ஏறியிருந்தது, 252. நூல் சரியான 30-ஆம் கவுண்ட். அதே 12,000 பீஸ், சரியாக 2,400 கிலோ ஆனது.

விலை மாறுபாடு = (250 − 252) × 2,400 = 4,800 ரூபாய், பாதகம்
பயன்பாட்டு மாறுபாடு = (2,400 − 2,400) × 250 = 0

மொத்தம் 4,800 பாதகம். போன மாதமும் இதே 4,800 பாதகம். மொத்தத்தை மட்டும் பார்க்கும் முதலாளிக்கு இரண்டு மாதமும் ஒரே மாதிரி. பிரித்துப் பார்ப்பவருக்கோ, போன மாதம் பர்ச்சேஸ் மேனேஜர் 25,200 சாதகம், இந்த மாதம் 4,800 பாதகம். போன மாதம் மெஷின் நின்ற மணி நேரங்கள் இந்த இரண்டு வரியிலும் இல்லை, அவை நிட்டிங் கூலியிலும் டெலிவரி தள்ளிப்போனதிலும் இருக்கின்றன.

அறிக்கையைப் பார்த்துவிட்டு பர்ச்சேஸ் மேனேஜர் அக்கவுண்ட்ஸ் ரூமுக்கு வருகிறார். "தப்பான நூல் வாங்குன மாசம் எனக்குச் சாதகம், நல்ல நூல் வாங்குன மாசம் பாதகமா சார்?" அவருக்குக் காட்ட, அக்கவுண்டன்ட் அந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு ஒரு புதிய பத்தி சேர்த்திருந்தார். தலைப்பு 'லீ எடை'. போன மாதத்துக்கு நேராக 2.23, இந்த மாதத்துக்கு நேராக 2.16.